மூன்று பெயர்கள், ஒரு நண்பனின் காது

புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் பெயர் விஷயத்தில் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தொழில் என்ன என்று ஒரு பத்தி, மூன்று பெயர்கள், கடைசியில் "ஒளிக்காமல் சொல்" என்று ஒரு வேண்டுகோள். நண்பனும் ஒளிக்காமல்தான் சொல்கிறான். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடிவதில்லை. கேட்ட விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

பொள்ளாச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தேங்காய் வெட்டுக்கு ஆள் அனுப்பும் தொழில் தொடங்கப் போகிறார். தென்னந்தோப்பில் ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு முறை வெட்டு நடக்க வேண்டும். மரம் ஏற ஆள் கிடைப்பது இப்போது குதிரைக்கொம்பு. ஆள் வந்தாலும் எத்தனை மரம் ஏறினார், எத்தனை காய் இறங்கியது என்ற கணக்கில் சச்சரவு. இந்த இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பதுதான் அவர் எண்ணம். கல்லூரித் தோழனுக்கு அவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"மாப்ள, நல்லா இருக்கியா? தேங்காய் வெட்டு விஷயமாப் பேசினேன்ல, ஒரு வழியா ஆரம்பிக்கப் போறேன். தோப்புக்காரங்க ஒரு போன் போட்டாப் போதும், இல்ல ஆப்ல பதிஞ்சாலும் சரி, மரம் ஏற ஆள் வந்துரும். காய்க் கணக்கும் அன்னைக்கே கைக்கு வந்துரும். பேருதான் இன்னும் முடியல. மூணு வெச்சிருக்கேன்: தென்னை சர்வீஸ், பாளை, அணில். எனக்கு அணில்தான் ரொம்பப் புடிச்சிருக்கு. வாலைத் தூக்கிட்டு மரத்துல ஏறுற மாதிரி லோகோகூட ஒருத்தர் வரைஞ்சு குடுத்துட்டாரு. அம்மாவுக்கும் அதுதான் புடிச்சிருக்கு. நீ மனசுல பட்டதை அப்படியே சொல்லு. எப்படி இருக்கு?"

இதற்கு வரக்கூடிய பதில் நமக்கு இப்போதே தெரியும். "அணில் சூப்பர் மாப்ள." வேறு என்ன சொல்வான்? கேட்டவனுக்குப் பிடித்த பெயர் எது என்று தெரிந்துவிட்டது, லோகோ வரைந்தாகிவிட்டது, அம்மாவும் சம்மதித்துவிட்டார். இத்தனைக்கும் பிறகு "வேண்டாம்" என்று சொல்வது பெயரை மட்டும் மறுப்பதாக இருக்காது, நண்பனின் உற்சாகத்தையே மறுப்பதாகிவிடும். தோழமை என்பது அங்கே வாயைக் கட்டிப்போடும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று அந்தக் கடிதத்தில் நடந்துவிட்டது. தொழில் என்னவென்று சொல்லிவிட்டுத்தான் பெயர்களைச் சொல்கிறார். இனி அந்த நண்பனால் 'பாளை' என்ற சொல்லை ஒன்றும் தெரியாத காதால் கேட்க முடியாது. வாடிக்கையாளர் அப்படியா கேட்கப் போகிறார்? பேருந்து நிலையச் சுவரிலோ, பக்கத்துத் தோப்புக்காரர் வாயிலாகவோ, எந்த விளக்கமும் இல்லாமல் முதல் முறையாகக் கேட்பார். அந்த முதல் கேள்வியில் காது என்ன வாங்கிக்கொண்டது, மனம் எதை நினைத்தது என்பதுதான் தொழிலுக்கு வேண்டிய தகவல். ஒரு நண்பர் ஒரு பெயரை முதல் முறையாகக் கேட்பது ஒரே ஒரு தடவைதான் நடக்கும். அதை விளக்கம் சொல்லிச் செலவழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் அமேசான். 1994இல் ஜெஃப் பெசோஸ் இணையப் புத்தகக் கடைக்கு முதலில் வைத்த பெயர் 'கடாப்ரா'. மந்திரவாதிகள் சொல்லும் 'ஆப்ரகடாப்ரா'விலிருந்து எடுத்தது. தொலைபேசியில் அதைக் கேட்ட அவருடைய வழக்கறிஞர் 'கடாவர்' என்று புரிந்துகொண்டார். ஆங்கிலத்தில் அதற்குப் பிணம் என்று அர்த்தம். பெயர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அந்த வழக்கறிஞரை யாரும் கேட்கவில்லை. அவர் கருத்து எதையும் சொல்லவும் இல்லை, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். அந்தப் பெயரின் குறை வெளியே வர அது போதுமாக இருந்தது.

பெசோஸ் யோசித்த இன்னொரு பெயர் 'ரிலென்ட்லெஸ்', அதாவது விடாப்பிடி. கேட்ட நண்பர்கள், அந்தச் சொல்லில் ஏதோ ஒரு கொடூரம் ஒலிக்கிறது என்றார்கள். பிடிக்கவில்லை என்று அவர்கள் நிறுத்தியிருந்தால் அது வெறும் ரசனை. அந்தச் சொல் தங்கள் மனதில் எதை எழுப்பியது என்று சொன்னதால்தான் அது உபயோகமான பதிலானது. அதற்குப் பிறகு அகராதியில் ஏ எழுத்தின் பக்கங்களைப் புரட்டி, உலகின் மிகப் பெரிய ஆற்றின் பெயரை எடுத்தார். அக்காலத்தில் இணையதளப் பட்டியல்கள் அகர வரிசையில் இருந்ததும் ஒரு காரணம். பெயர் அழகு என்பதோடு, பட்டியலில் மேலே நிற்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

சரி, நம் பொள்ளாச்சி இளைஞர் கடிதத்தை எப்படி எழுதியிருக்கலாம்? முதலில், அதைக் கடிதமாக எழுதாமல் குரல் பதிவாக அனுப்பியிருக்கலாம். ஏனென்றால் எழுதிக் காட்டினால் எழுத்துப்பிழை வர வழியே இல்லை. இப்படி:

"மாப்ள, மூணு பேர் சொல்றேன், ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் சொல்லுவேன். எதுக்குன்னு இப்பக் கேக்காத. கேட்டதைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி அனுப்பு. இந்தப் பேர்ல ஒரு கடை போர்டு பாத்தா உள்ள என்ன விப்பாங்கன்னு நினைப்பேன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுது. நல்லா இருக்கு, நல்லா இல்லைன்னு எதுவும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை போன் பண்றேன், அப்ப விஷயத்தைச் சொல்றேன்."

இதில் பிடித்த பெயர் எது என்ற சாடை இல்லை. பாராட்டவும் வழியில்லை, குறை சொல்லித் தர்மசங்கடப்படவும் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வியாக, "அன்னைக்குச் சொன்ன மூணு பேர்ல எது எது ஞாபகம் இருக்கு?" என்று கேட்க வேண்டும். பார்க்காமல் சொல்லச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் நண்பன் நினைவில் இல்லை என்றால் அந்தப் பெயரைப் பற்றி அதைவிட நேர்மையான விமர்சனம் வேறில்லை.

இப்போது மூன்று பெயர்களுக்கும் என்ன பதில் வரும் என்று பார்க்கலாம்.

'தென்னை சர்வீஸ்' எழுத்தில் தப்பாது. தென்னை சம்பந்தமான ஏதோ வேலை என்று எல்லோருக்கும் புரியும். விளம்பரத்துக்குக் காசில்லாத முதல் வருஷத்தில் இது சின்ன லாபமில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டால் "தென்னை... தென்னை ஏதோ" என்பான். தென்னை சேவையா, தென்னை சர்வீஸா, கோகனட் சர்வீஸா என்று பிடிபடாது. பெயர் பொருளைச் சொல்லிவிடுவதால் மனம் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுகிறது. சட்டமும் இதே இடத்தில்தான் கை வைக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

'அணில்' தமிழில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். என்ன விற்கும் கடை என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் சேமியா என்பார்கள். பல வருஷங்களாக அணில் சேமியா வாங்கிய வீடுகள் இவை. ஆங்கிலத்தில் எழுதினால் Anil. ஆப் பட்டியலில் இதைப் பார்க்கிற வெளியூர்க்காரர் அனில் என்ற ஆளின் பெயராகத்தான் படிப்பார். லோகோவில் இருக்கும் வால் அதற்கு உதவாது.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அது நகரத்து நண்பனுக்குத் தெரியாமல் போகலாம், தோப்புக்காரரிடம் கேட்டால் உடனே வந்துவிடும். ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ போட்டவர்கள் நிறைய. கோகோப் பழம் திரள ஆரம்பித்தால் அணிலும் எலியும் குடைந்து உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். வருஷம் முழுக்க அணிலை விரட்டிக்கொண்டிருப்பவரிடம் போன் செய்து, "வணக்கம்ங்க, அணில்ல இருந்து பேசறோம்ங்க, நாளைக்குத் தோப்புக்கு வர்றோம்" என்று சொல்லிப் பாருங்கள். பெயரை இப்படி வேலை நடக்கும் வாக்கியத்தில் வைத்துச் சொல்லிப் பார்க்காமல் முடிவு செய்யவே கூடாது. தாளில் அழகாக இருந்த பல பெயர்கள் போனில் முதல் வாக்கியத்திலேயே உட்கார்ந்துவிடும்.

'பாளை'தான் இந்த மூன்றில் சிக்கலானது, என் பார்வையில் மதிப்பும் உள்ளது. எழுதச் சொன்னால் பாளை, பாலை, பாழை என்று மூன்றும் வரும். ளகரத்தையும் லகரத்தையும் பிரித்து உச்சரிக்காத வாய்கள் நம்மிடம் அதிகம். ஆங்கிலத்தில் Paalai, Palai, Paale என்று வரும். என்ன கடை என்று கேட்டால் பதில் ஊருக்கு ஊர் மாறும். திருநெல்வேலிக்காரருக்குப் பாளை என்றால் பாளையங்கோட்டை, அதற்கு மேல் பேச்சே இல்லை. பாலை என்று காதில் வாங்கியவர் பாலைவனத்தை நினைப்பார். பொள்ளாச்சித் தோப்புக்காரருக்குத் தென்னம்பாளை, நாளைய காய் வெடித்து வரும் இடம். ஆனால் அவரிலும் வயதானவர்கள் சிலர், "என்னப்பா, பாளை சீவறதா?" என்று கேட்பார்கள். பாளை சீவுவது கள் இறக்குகிற வேலை. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருக்கும்போது, மரம் ஏற ஆள் அனுப்பும் தொழிலுக்கு இந்தச் சந்தேகம் வருவது சாதாரண விஷயமல்ல. முதல் கடிதத்துக்கு வந்திருக்கக்கூடிய "சூப்பர்" என்ற பதிலில் இது ஒருபோதும் வெளிவந்திருக்காது.

ஆகவே நண்பன் ஒருவனோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நண்பனிடம் கேட்க வேண்டிய பெரிய உதவியே, அவனுடைய மாமா தோப்பு வைத்திருந்தால் அவரிடமும், மரம் ஏறும் ஒருவரிடமும் இதே மூன்று சொற்களைச் சொல்லிப் பார்த்து அவர்கள் சொன்னதை மாற்றாமல் எழுதி அனுப்பச் சொல்வதுதான். தொழிலின் சொந்தக்காரர் நேரில் போனால் முகத்தைப் பார்த்து நல்லது சொல்வார்கள். மூன்றாவது ஆள் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள்.

நண்பர்களால் சொல்லவே முடியாத பகுதி ஒன்று உண்டு. பெயர் நமக்கு நிலைக்குமா என்பது. அதற்கு வர்த்தகக் குறிச் சட்டம் 1999 எப்படி யோசிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பொருளையோ சேவையையோ வெறுமனே வர்ணிக்கும் சொல்லை ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுக்க மறுக்கிறது. தென்னை வேலை செய்கிற எல்லோருக்கும் தென்னை என்ற சொல் வேண்டும், அதை ஒருவர் வேலி போட்டு அடைக்கக் கூடாது என்பது அதன் நியாயம். 'தென்னை சர்வீஸ்' என்று விண்ணப்பித்தால் பதிவாளரிடமிருந்து ஆட்சேபணை வரும் என்றே எதிர்பார்க்க வேண்டும். பல வருஷம் புழங்கி, அந்தப் பெயர் என்றாலே இந்த நிறுவனம்தான் என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டதை ஆதாரத்தோடு நிரூபித்தால் விதிவிலக்கு உண்டு. புதிதாகத் தொடங்குகிறவரிடம் அந்த ஆதாரம் இருக்காது. எதிர்க் கடைக்காரர் 'தென்னை சேவை' என்று போர்டு வைத்தாலும் இவரால் தடுக்க முடியாது.

11ஆம் பிரிவு ஏற்கெனவே இருக்கும் குறிகளோடு மோதுகிற பெயர்களைப் பற்றியது. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சேமியா 30ஆம் வகுப்பில் வரும். தோட்ட வேலை, விவசாயச் சேவைகள் 44ஆம் வகுப்பில் வரும். வகுப்பு வேறு என்பதால் அணில் என்ற சொல் தானாகவே தடைப்பட்டுவிடாது. ஆனால் நாட்டில் நற்பெயர் பெற்ற ஒரு குறியின் பெயரைக்கொண்டு வேறு வகுப்பில் ஆதாயம் தேடுவதாகப் பட்டால், வகுப்பு வேறு என்ற வாதம் காப்பாற்றாது. பழைய குறி எவ்வளவு பிரபலமோ அவ்வளவுக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் வர வாய்ப்பும் கூடும். வெட்டுக் கூலி கொடுக்கவே பணம் புரட்டிக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு ஜெயிக்கக்கூடிய வழக்கும் பாரம்தான்.

'பாளை' இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே ஓரளவு நல்ல இடத்தில் நிற்கிறது. தென்னையைக் குறிப்பாகச் சுட்டுகிறது, ஆனால் ஆள் அனுப்பும் சேவையை வர்ணிக்கவில்லை. இதே பெயரோ இதே ஓசையோ வேறு யாரிடமாவது இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ipindia.gov.in தளத்தில் வர்த்தகக் குறித் தேடல் பொதுமக்களுக்கு இலவசம். அதில் எழுத்தை வைத்துத் தேடுவது ஒரு வழி, ஓசையை வைத்துத் தேடுவது இன்னொரு வழி. பலர் முதல் வழியோடு நிறுத்திவிடுகிறார்கள். Paalai என்று அடித்துப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்று நிம்மதியடைவார்கள். நண்பன் எழுதி அனுப்பிய பிழையான எழுத்துகள் இங்கேதான் கைகொடுக்கும். Palai, Paale, Pazhai என்று அவன் காது பிடித்த ஒவ்வொன்றையும் 44ஆம் வகுப்பிலும், ஆப் இருப்பதால் மென்பொருள் சேவைகள் வரும் 42ஆம் வகுப்பிலும் தேட வேண்டும். ஆட்சேபணையில் நிற்கும் விண்ணப்பங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும், அவையும் நமக்கு முந்தியவை.

ஓசைக்கு நீதிமன்றம் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்பதற்கு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் வழக்கே இருக்கிறது. சத்யம் இன்ஃபோவே தன் பெயரின் எழுத்துகளிலிருந்து 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கிப் புழங்கிவந்தது. வேறொரு நிறுவனம் 'சிஃபிநெட்' என்ற பெயரில் இணைய முகவரிகள் வாங்கியது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் f அதிகம். தங்கள் நிறுவனத்தைத் தொடங்கிய ஐந்து பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்தே பெயர் பிறந்தது என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. கேட்பவர் குழம்புவார் என்பதே முக்கியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது, இணைய முகவரிக்கும் வர்த்தகக் குறி போன்ற பாதுகாப்பு உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. பெயருக்குப் பின்னால் நம்மிடம் ஓர் அழகான கதை இருக்கலாம். காதில் ஒன்றுபோல ஒலித்தால் அந்தக் கதை கணக்கில் வராது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தில் பெயர் கிடைத்துவிட்டது, இனி அது நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். அது கம்பெனியின் பதிவுப் பெயர் மட்டும். கடைப் பெயரின் உரிமை வேறு. பிற்பாடு பதிவுபெற்ற குறியின் சொந்தக்காரர் முறையிட்டால் கம்பெனிப் பெயரையே மாற்றச் சொல்லவும் சட்டத்தில் இடமிருக்கிறது. மாறாக, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஸ்விக்கியை நடத்திய கம்பெனியின் பதிவுப் பெயர் பல வருஷம் பண்டல் டெக்னாலஜீஸ் என்றுதான் இருந்தது, சாப்பாடு வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இத்தனையும் கையில் வந்த பிறகு நான் அந்த இளைஞரின் இடத்தில் இருந்தால், தேடலில் முட்டுக்கட்டை எதுவும் வராத பட்சத்தில், பாளையைத்தான் எடுப்பேன். அதன் குறைகள் என்னவென்று தெரிந்துவிட்டன, ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கள் சந்தேகத்துக்கும் பாளையங்கோட்டைக் குழப்பத்துக்கும் ஒரே மருந்து: போர்டிலும் ஆப்பிலும் வேலையாட்களின் சட்டையிலும் பெயருக்குக் கீழே 'தேங்காய் வெட்டு' என்று எப்போதும் சேர்த்தே எழுதுவது. பொருளைச் சொல்லும் வேலையை அந்த இரண்டாவது வரி பார்த்துக்கொள்ளும். எழுத்துக் குழப்பத்துக்கு Paalai, Palai என்ற இரண்டு எழுத்துக்கூட்டலிலும் இணைய முகவரி வாங்கி ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் பாலக்காட்டில் 'பாள' என்றால் பாக்குமரத்து மட்டை. தோட்டத்துச் சொல் என்பது அங்கேயும் புரியும். அணிலுக்கு இப்படிப்பட்ட வழி இல்லை. சேமியாவையும் கோகோவைக் குடையும் பல்லையும் இரண்டாவது வரி எழுதி மறக்கடிக்க முடியாது.

அடுத்த வேலை விண்ணப்பம். டி.எம்.-ஏ படிவத்தை இணையத்தில் போடலாம். தனிநபர், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், மற்ற கம்பெனிகளுக்கு 9,000. லோகோவை முதலில் பதிய வேண்டும் என்று ஆசையாக இருக்கும். கையில் ஒரு விண்ணப்பத்துக்குத்தான் காசு என்றால் வெறும் சொல்லைப் பதிவதே மேல். லோகோ நாளைக்கே மாறலாம், வாயில் புழங்குவது சொல்தான். இன்னும் தொழில் தொடங்கவில்லை என்றால் 'பயன்படுத்த உத்தேசம்' என்று போட்டாலே போதும். விண்ணப்பித்த நாளிலிருந்து பெயருக்கு மேல் டி.எம். என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு கிடைத்த பிறகுதான், அதற்கு முன் போட்டால் குற்றம். பதிவாளர் ஏற்றுக்கொண்டால் பெயர் வர்த்தகக் குறி இதழில் வெளியாகும். அதிலிருந்து 4 மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். யாரும் வரவில்லை என்றால் பதிவு கிடைக்கும், 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகு சட்டைகளுக்கு ஆர்டர் கொடுக்கலாம். அதற்குள் அடுத்த வெட்டுக்கு நாள் வந்திருக்கும்.